பெயர் மாற்றிக்கொண்ட பாடகரைத் தேடிக் கண்டுபிடிப்பது: லிசி கிராண்ட் வழியாக ஒரு வழிகாட்டி

பழைய சிடி ஒன்றில் ஒரு குரல் பிடித்துப்போகிறது. பாடியவர் பெயரைத் தேடினால் அந்த ஒரு வெளியீட்டோடு ஆள் காணாமல் போயிருக்கிறார். அவர் பாடுவதையே விட்டுவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வேறு பெயரில் இன்னும் பாடிக்கொண்டிருக்கலாம், அல்லது அந்தப் பழைய பெயர் அவர் முன்பு இருந்த குழுவின் பெயராக இருக்கலாம்.

இந்தத் தேடலுக்குப் புதிதாக வருபவர்கள் மேடைப் பெயரையே திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள். ஒரு பாடகரிடம் மிகச் சுலபமாக மாறக்கூடியது அந்தப் பெயர்தான். மாறாமல் இருப்பது பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் இருக்கும் பெயர். ராயல்டி பணம் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது என்பதால் அதை யாரும் விளையாட்டாக மாற்றுவதில்லை. மாற்றினாலும் பழையதையும் புதியதையும் இணைக்கும் ஓர் எண் பதிவேட்டில் இருக்கும். ஆகவே பாடியவர் பெயரிலிருந்து பாட்டுக்குப் போங்கள், பாட்டிலிருந்து அதை எழுதியவருக்குப் போங்கள், எழுதியவரிடமிருந்து புதிய மேடைப் பெயருக்கு வாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வழியைத்தான் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு எல்லாருக்கும் விடை தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடை தெரிந்திருந்தால் ஒவ்வொரு படியும் சரியான இடத்துக்குக் கொண்டுபோகிறதா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 2008இல் அமெரிக்காவில் லிசி கிராண்ட் என்ற பெயரில் மூன்று பாட்டுகள் கொண்ட ஒரு சிறிய வெளியீடு வந்தது. பெயர் ‘கில் கில்’, வெளியிட்டது ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற சிறு நிறுவனம். அந்தப் பாடகியை இன்று உலகம் லானா டெல் ரே என்று அறியும். இது தெரியாத ஒருவர் கையில் அந்த 2008 வெளியீடு மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதல் படி: கையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

பாடியவர் பெயர், பாட்டுகளின் தலைப்புகள், ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், தயாரிப்பாளர், பாட்டை எழுதியவர். இவை உறையில் எப்படி அச்சாகியிருக்கின்றனவோ அப்படியே, எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் பாடியவர் Lizzy Grant, தயாரிப்பாளர் டேவிட் கான், மூன்று பாட்டுகளில் ஒன்றின் தலைப்பு Yayo. இந்தத் தலைப்பை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

இதை ஸ்ட்ரீமிங் செயலியிலிருந்து எடுக்காமல், சிடி உறை அல்லது இசைத்தட்டு உறையின் படத்திலிருந்து எடுப்பது நல்லது. பாடகர் பெயர் மாற்றியதும் விநியோக நிறுவனம் பழைய ஆல்பங்களின் பெயரையும் பின்னோக்கி மாற்றிவிட முடியும். அப்படி மாற்றிவிட்டால் செயலியில் பழைய பெயர் தடயமே இல்லாமல் போய்விடும். அச்சான உறையை அப்படி மாற்ற முடியாது. கையில் சிடி இல்லாவிட்டால் டிஸ்காக்ஸ் தளத்தில் சேகரிப்பாளர்கள் ஏற்றியிருக்கும் படங்கள் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பின்பக்கத்திலும் தட்டின் மேலும் உள்ள பொடி எழுத்தில்தான் எழுதியவர் பெயர் இருக்கும்.

இரண்டாம் படி: இரண்டு தரவுத்தளங்கள்

டிஸ்காக்ஸ், மியூசிக்பிரைன்ஸ் இரண்டுமே பயனர்கள் சேர்ந்து கட்டியவை, இரண்டுமே இலவசமாகத் தேடக்கூடியவை. இவற்றில் பெயர்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்காக்ஸில் ஒரு கலைஞரின் பக்கத்தில் Real Name, Aliases, In Groups, Variations என்று வரிகள் இருக்கும். Variations என்பது ஒரே பெயரின் எழுத்து வேறுபாடுகள். Aliases என்பது அதே ஆள் வேறு பெயரில் தனியாக வெளியிட்டவை, அவற்றுக்குத் தனிப் பக்கம் உண்டு. In Groups என்பது அவர் இருந்த குழுக்கள். ஒரு வெளியீட்டின் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், உறையில் அச்சான பெயரும் தளத்தின் முதன்மைப் பெயரும் வேறு என்று பொருள். அந்தப் பெயரைச் சொடுக்கினாலே முதன்மைப் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். பல தேடல்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பெயருக்குப் பின்னால் (2), (3) என்று எண் இருந்தால் அது வேறு எச்சரிக்கை: அதே பெயரில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். லிசி கிராண்ட் போன்ற சாதாரணப் பெயருக்கு இது சுலபமாக நடக்கும். எண் இல்லாத பக்கம்தான் பிரபலமானவருடையது என்றும் நினைத்துவிடாதீர்கள். யாருடைய பக்கம் முதலில் உருவானதோ அவருக்கு எண் இல்லை, அவ்வளவுதான்.

மியூசிக்பிரைன்ஸில் கலைஞர் பக்கத்தின் Aliases, Relationships என்ற இரண்டு தாவல்களையும் திறந்து பாருங்கள். தேடும்போது மேம்பட்ட தேடல் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இப்படி இடலாம்:

```
alias:"Lizzy Grant" OR artist:"Lizzy Grant"
```

இங்கேயே விடை கிடைத்துவிடலாம். ஆனால் அது இன்னொரு பயனர் சொன்ன விடை. ஆதாரம் என்ன என்று அந்தப் பதிவின் திருத்த வரலாற்றில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். அவ்வளவாகப் பிரபலம் இல்லாத பாடகர்களுக்கு இந்தத் தளங்களில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

மூன்றாம் படி: பாட்டை எழுதியவர் யார்?

அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ என்ற இரண்டு பெரிய உரிமைச் சங்கங்கள் பாடல் எழுதுபவர்களுக்கான பணத்தை வசூலித்துத் தருகின்றன. இரண்டும் தங்கள் பட்டியலைப் பொதுமக்கள் தேடும்படி வைத்திருக்கின்றன. 2020 கடைசியிலிருந்து சாங்வியூ என்ற ஏற்பாட்டில் இரண்டின் தகவலும் சேர்ந்தே தெரிகிறது. ascap.com/repertory அல்லது repertoire.bmi.com, எதில் வேண்டுமானாலும் தேடலாம். பாட்டின் தலைப்பைப் போட்டால் எழுதியவர்கள், பாடியவர்கள், ஒவ்வொருவருக்கும் உரிய எண் எல்லாம் வரும்.

Yayo என்று தேடினால் அதே தலைப்பில் வேறு பாட்டுகளும் வரலாம். எழுதியவர் கிராண்ட் என்று இருப்பதை மட்டும் எடுங்கள். இங்கே நம் உதாரணம் திறந்துகொள்கிறது. 2012இல் லானா டெல் ரே வெளியிட்ட ‘பாரடைஸ்’ தொகுப்பிலும் Yayo என்ற பாட்டு இருக்கிறது. எழுதியவர் எலிசபெத் கிராண்ட். 2011இல் அவரைப் பிரபலமாக்கிய ‘வீடியோ கேம்ஸ்’ பாட்டை எழுதியவர்கள் எலிசபெத் கிராண்ட், ஜஸ்டின் பார்க்கர். மேடைப் பெயர் முழுதாக மாறிவிட்டது. எழுதியவர் இடத்தில் பழைய குடும்பப் பெயர் அப்படியே நிற்கிறது.

பட்டியலில் வரும் ஐபிஐ எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் எழுத்தாளர் சங்கத்தில் சேரும்போது அவர் பெயருக்கு இந்த எண் கிடைக்கும். புனைபெயர் பதிவு செய்தால் அதற்குத் தனி எண். ஆனால் ஒரே ஆளின் எல்லாப் பெயர்களும் உள்ளே ஓர் அடிப்படை எண்ணின் கீழ் கட்டப்பட்டிருக்கும். வெளியே இருக்கும் நமக்கு அந்த அடிப்படை எண் வழக்கமாகத் தெரியாது. ஆகவே பயன் இப்படித்தான்: இரண்டு பாட்டுகளில் எழுதியவரின் எண் ஒன்றாகவே இருந்தால் இருவரும் ஒரே ஆள். எண் வேறாக இருந்தால் வேறு ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது, ஒன்று புனைபெயராகப் பதிவானதாக இருக்கலாம்.

இந்தப் படியில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ஒரே பாட்டு இரண்டு பெயரில் இருக்கிறது என்பதாலேயே பாடியவர் ஒருவர்தான் என்று ஆகாது. ஒருவர் எழுதிய பாட்டை இன்னொருவர் திரும்பப் பாடுவது தினமும் நடப்பது. பாடியவரும் எழுதியவரும் ஒரே ஆள் என்பது இரு பக்கத்திலும் உறுதியானால்தான் இந்தச் சங்கிலி வலுவாகும். பாட்டே எழுதாமல் பாட மட்டும் செய்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு அடுத்துவரும் இரண்டு படிகள்தான்.

இரண்டாவது, குடும்பப் பெயர் பொருத்தம். கேட்டி பெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் அவருடைய முதல் ஆல்பம் ரெட் ஹில் என்ற கிறித்தவ இசை நிறுவனத்தில் கேட்டி ஹட்சன் என்ற அவருடைய சொந்தப் பெயரிலேயே வந்தது. நடிகை கேட் ஹட்சனோடு குழப்பம் வரும் என்பதால் பிறகு அம்மாவின் குடும்பப் பெயரான பெர்ரியை எடுத்துக்கொண்டார். இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் 2013இல் வந்த ‘டார்க் ஹார்ஸ்’ பாட்டின் எழுத்தாளர் பட்டியலைப் பார்க்கிறார். அங்கே ஹட்சன் என்று ஒரு பெயர்! ‘பிடித்துவிட்டேன்’ என்று துள்ளுவார். ஆனால் அவர் சாரா ஹட்சன், வேறு பாடலாசிரியர், நடிகை கேட் ஹட்சனின் உறவினர். கேட்டி பெர்ரியின் பெயர் அதே பட்டியலில் தனியாகவே இருக்கிறது. முதற்பெயரையும் எண்ணையும் பார்க்காமல் குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

நான்காம் படி: இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கும் இடம்

எழுதியவர் பெயர் வலுவான தடயம். ஆனாலும் அது ஒன்று போதாது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தாளில், ஒரே உறையில், ஒரே அறிவிப்பில் சேர்ந்து வரும் ஓர் ஆவணம் வேண்டும். பெயர் மாறும் காலத்தில் இப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கும். பழைய ரசிகர்களைப் புதிய பெயருக்கு அழைத்துவர வேண்டுமே.

லிசி கிராண்ட் விஷயத்தில் அது ஓர் ஆல்பத்தின் தலைப்பாகவே இருக்கிறது. 2010 ஜனவரியில் டிஜிட்டல் வடிவில் வந்த அந்த ஆல்பத்தின் பெயர் Lana Del Ray a.k.a. Lizzy Grant. சில மாதங்களிலேயே அது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதில் Yayo இருக்கிறது, தயாரிப்பாளரும் அதே டேவிட் கான். 2008 வெளியீடும் 2012 தொகுப்பும் இந்த ஒரு வெளியீட்டில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

எழுத்தை உற்றுப் பாருங்கள். ஆல்பத்தில் Ray, இன்று அவர் பயன்படுத்துவது Rey. ஓர் எழுத்துத்தான் வேறு, ஆனால் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் ஒன்று மற்றொன்றைக் காட்டாமல் போகலாம். ஆகவே எந்தப் பெயரையும் குறைந்தது இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். கூகுளில் காலத்தையும் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்:

```
"Lizzy Grant" singer before:2010-12-31
"Lana Del Ray" "Lizzy Grant"
```

முதல் வரி அவர் புகழ்பெறுவதற்கு முன் எழுதப்பட்டவற்றைத் தேடுவதற்கு. இது ஏன் முக்கியம் என்றால், ஒருவர் பிரபலமான பின் எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. பத்துத் தளங்கள் சொன்னாலும் அவை ஒரே சாட்சியாக இருக்கலாம். அந்தக் காலத்திலேயே அச்சான ஒரு சின்னப் பேட்டி, ஓர் இசை அரங்கத்தின் நிகழ்ச்சிப் பட்டியல் இவற்றுக்கு எடை அதிகம். கூகுள் காட்டும் தேதி எப்போதும் சரியாக இருக்காது, பக்கத்தைத் திறந்து உள்ளே இருக்கும் தேதியையும் பாருங்கள்.

பாட்டு எழுதாத பாடகர்களுக்கு இன்னொரு கருவி ஐஎஸ்ஆர்சி. இது பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாளம். isrcsearch.ifpi.org தளத்தில் தேடலாம். அதே ஒலிப்பதிவை மாற்றமில்லாமல் மறுவெளியீடு செய்தால் பழைய எண்ணே தொடர வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே எண் இரண்டு கலைஞர் பெயரில் வந்தால் அது மிக நல்ல சான்று. ஆனால் நிறுவனம் மாறும்போது விதியை மீறிப் புது எண் போட்டுவிடுவதும் உண்டு. அதனால் எண் வேறு என்பதை வைத்து எதையும் மறுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் வெளியீட்டுக்கும் முன்னால்

இன்னும் பின்னால் போக வேண்டுமா? அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டைத் திறங்கள். 1978 முதலான பதிவுகளை publicrecords.copyright.gov இல் பெயர் வைத்துத் தேடலாம். யாருமே வெளியிடாத, வீட்டில் பதிந்த பாட்டுகளைக்கூட இளம் பாடகர்கள் பாதுகாப்புக்காக இங்கே பதிவு செய்வார்கள். அப்போது மேடைப் பெயர் என்று ஒன்றே இருக்காது, சொந்தப் பெயர்தான். மூன்றாம் படியில் கிடைத்த எழுத்தாளர் பெயர் இங்கேதான் இரண்டாவது முறை பயன்படுகிறது. பெயரைக் குடும்பப் பெயர் முதலில் வருமாறும் தேடிப் பாருங்கள்.

எலிசபெத் வூல்ரிட்ஜ் கிராண்ட் 2005இல், கல்லூரியில் படிக்கும்போதே, ஏழு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பைப் பதிவு செய்திருக்கிறார். விண்ணப்பத்தில் தலைப்பு Rock Me Stable, மாற்றுத் தலைப்பு Young Like Me. லிசி கிராண்ட் என்ற பெயரில் வெளியீடு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது இது. அதே காலத்தில் மே ஜெய்லர் என்ற இன்னொரு பெயரிலும் அவர் பாட்டுகளைப் பதிந்திருந்தார். ‘சைரன்ஸ்’ என்ற அந்தத் தொகுப்பு 2012இல்தான் இணையத்தில் கசிந்தது.

கசிந்த பாட்டுகளை ஆதாரமாக எடுக்கும்போது ரொம்பவே கவனம் தேவை. உறை இல்லை, நிறுவனம் இல்லை, எழுதியவர் பெயர் அச்சாகவில்லை. கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு பிரபலத்தின் ‘வெளிவராத பழைய பாட்டு’ என்று வேறு யாரோ பாடியது சுற்றுவது இந்த உலகில் சாதாரணம். பாடகர் தானே பேட்டியில் ஒப்புக்கொண்டாரா, அந்தத் தலைப்புகள் உரிமைப் பதிவில் அவர் பெயரில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அந்தக் காலகட்டத்தின் பாடகர்களில் பலர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்தார்கள். ஆனால் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட பாட்டுகளில் பெரும்பகுதி சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டது. 2019இல்தான் அது வெளியே தெரிந்தது. சுமார் ஐந்து கோடிப் பாட்டுகள் போயின. அதில் 4,90,000 பாட்டுகளின் பிரதியை மட்டும் இன்டர்நெட் ஆர்கைவ் மீட்டு வைத்திருக்கிறது. பாட்டு போனாலும் பக்கத்தின் எழுத்து வேபேக் மெஷினில் மிஞ்சியிருக்கலாம். web.archive.org இல் பழைய பக்கத்தின் முகவரியைப் போட்டு வெவ்வேறு ஆண்டுகளின் பிரதிகளைத் திறந்து பாருங்கள். முகவரியின் கடைசிப் பகுதியில் பழைய பெயரும், பக்கத்தின் தலைப்பில் புதிய பெயரும் இருந்தால் அதுவும் இரு பெயரும் சேர்ந்து நிற்கும் ஆவணம்தான்.

பழைய பெயர் குழுவின் பெயராக இருந்தால்

இதில் வழி கொஞ்சம் மாறும். குழு ஓர் ஆள் அல்ல, ஆகவே யார் எந்தக் குரல் என்பதை முதலில் பிரிக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ‘வல்லவன்’ ஆல்பத்தின் மூலம் தமிழ் ராப் கேட்டவர்களுக்கெல்லாம் அறிமுகமான மலேசியாவின் யோகி பி, அதற்கு முன் பொயட்டிக் அம்மோ என்ற குழுவில் இருந்தார். அந்தக் குழு பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடியது, அதனால் தமிழ்ப் பாட்டுகளின் பட்டியலில் தேடினால் அகப்படாமல் போகலாம். டிஸ்காக்ஸில் குழுவின் பக்கத்தைத் திறந்து Members வரியில் ஒவ்வொருவராகச் சொடுக்க வேண்டும், அங்கிருந்து அவரவர் பிற்காலப் பெயருக்குப் போக வேண்டும். Members வரி காலியாக இருந்தால் பாட்டுகளை எழுதியவர்களின் பட்டியலே உறுப்பினர் பட்டியலுக்கு நல்ல தொடக்கம். அதில் தயாரிப்பாளர்களின் பெயரும் கலந்திருக்கும், அவர்களை வடிகட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது ‘ஒரே ஆள்’ என்று சொல்லலாம்?

ஒன்றை ஒன்று சாராத இரண்டு ஆதாரங்கள் வேண்டும் என்பது என் கணக்கு. எழுதியவரின் எண் ஒன்று, இரு பெயரும் தாங்கிய ஆல்ப உறை இன்னொன்று என்றால் முடிந்தது. பாடகரே பதிவான ஒரு பேட்டியில் சொல்லியிருந்தால் அது ஒன்றே போதும். குரல் ஒற்றுமை, முக ஒற்றுமை, ஒரே ஊர், ஒரே நிறுவனம் ஆகியவற்றை எத்தனை சேர்த்தாலும் சான்றாகாது. குரலை நம்புவது இதில் மோசமானது. லானா டெல் ரே புகழ்பெற்றது தாழ்ந்த குரலில், 2008 பாட்டுகளில் அவர் பாடும் விதம் வேறு. காதை மட்டும் நம்பியிருந்தால் சரியான விடையைக்கூடத் தள்ளிவிட்டிருப்போம்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே சொன்ன பாடகர்கள் எல்லாரும் தங்கள் பழைய பெயரை மறைக்காதவர்கள். ஆனால் சிலர் ஒரு மோசமான திருமணத்திலிருந்தோ, துரத்தும் ஒருவரிடமிருந்தோ தப்பிக்கப் பெயரை மாற்றியிருப்பார்கள். உரிமைப் பதிவேட்டில் அவர்களுடைய சொந்தப் பெயர் தெரியலாம். இரண்டு பெயரையும் அவர் எங்கேயும் தானாக இணைத்துப் பேசவில்லை, இசை வெளியீடு எதிலும் இரண்டும் சேர்ந்து வரவில்லை என்றால், நீங்கள் கண்டுபிடித்ததை எங்கும் எழுதாதீர்கள். அவரிடம் பேச வேண்டுமானால் அவர் இப்போது பயன்படுத்தும் பெயரில், இப்போதைய நிறுவனம் அல்லது மேலாளர் வழியாக எழுதுங்கள். பழைய ஆல்பத்தைக் குறிப்பிடலாம், பழைய பெயரைக் கேள்வியாக வைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் வேண்டாம்.

வெளிப்படையான இணைப்பு என்றால் மியூசிக்பிரைன்ஸில் ஒரு கணக்குத் தொடங்கி அந்தப் பெயரை Aliases தாவலில் சேர்த்துவிடுங்கள். திருத்தத்துக்கான குறிப்புப் பெட்டியில் எந்த உறை, எந்தப் பதிவேடு, பேட்டி என்றால் எந்த நிமிடம் என்று எழுதுங்கள். பழைய வெளியீட்டில் அச்சான பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். 2008 வெளியீட்டில் அது லிசி கிராண்ட் என்றே இருக்க வேண்டும், அந்த வெளியீட்டை வைத்துக்கொண்டு தேடி வருபவர் அந்தப் பெயரைத்தான் இடுவார்.